அயல்நாட்டு வாங்குபவர் களத்துக்கு வரும்போது

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் கிணத்துக்கடவைச் சுற்றித் தென்னை நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் நிறைய உண்டு. நெதர்லாந்து, ஸ்பெயின், தென்கொரியா என்று பல நாடுகளில் பசுமைக்குடில் விவசாயிகள் மண்ணுக்குப் பதிலாக இந்தத் தூளில்தான் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கிறார்கள். முதல் கன்டெய்னருக்கு ஆர்டர் தரும் முன்போ, இரண்டாவது கன்டெய்னரில் ஏதாவது குறை கண்ட பின்போ, அந்த நிறுவனத்திலிருந்து ஒருவரோ இருவரோ நேரில் வந்து பார்க்க விரும்புவார்கள். அந்த வருகையை எப்படி ஏற்பாடு செய்வது என்பதே இந்த அத்தியாயம். இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது நெதர்லாந்திலிருந்து வரும் இருவர்: ஒருவர் கொள்முதல் மேலாளர், இன்னொருவர் தரப் பரிசோதகர். தங்குவது கோவை அவிநாசி சாலையில், ஆலை கிணத்துக்கடவில், பார்வையிட இரண்டு நாள்.

வருகிறவர் பார்க்க வருவது ஒன்றைத்தான். மாதிரியாக அனுப்பிய தூளும், கன்டெய்னரில் ஏறப்போகும் தூளும் ஒரே களத்தில், ஒரே முறையில் உருவாகின்றனவா என்பதை. வரவேற்பு வளைவு, பொன்னாடை, பூங்கொத்து எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. மூலப்பொருள் உள்ளே வருவதிலிருந்து கட்டி வெளியே போவது வரை வரிசை மாறாமல் காட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஈசி அளவீட்டில் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

நாள் குறிப்பது

ஜனவரி முதல் மே வரையிலான காலம் நல்லது. களம் காய்கிறது, டிராக்டர் தூளைக் கிளறுகிறது, அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது. ஜூன் தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கும், தூசி பறக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் களமே தார்ப்பாய்க்குள் போய்விடும். மழைக்காலத்தில்தான் வர முடியும் என்று அவர் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம். களம் காயாத நாளில் உற்பத்தி எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அக்டோபரில் ஏன் கப்பல் தாமதமானது என்று பிறகு விளக்கம் எழுதுவதைவிட இது எளிது.

அடுத்து மின்சாரம். மின் வாரியம் துணைமின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும். அறிவிப்பு நாளிதழில் வருவது பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள்தான். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவர் ஓடாத அச்சு இயந்திரத்தைப் பார்க்க நேர்ந்தால், 'ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டுகிறோம்' என்ற சமாதானம் எடுபடாது. உங்கள் ஆலைக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையத்தில் எந்த வாரம் பராமரிப்பு என்று உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள். பொங்கல், தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய நாட்களில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பெரிய முகூர்த்த நாள் என்றால் விடுதி அறையும் வாடகைக் காரும் கிடைப்பதே சிரமம். செவ்வாய், புதன் இரண்டும் பொதுவாகப் பாதுகாப்பான நாட்கள்.

அழைப்புக் கடிதம்

சுற்றுலா விசாவில் வந்து ஆலை பார்க்கக் கூடாது. அவர்கள் எடுக்க வேண்டியது வணிக விசா. இணையத்திலேயே விண்ணப்பிக்கும் இ-பிசினஸ் விசாவை நெதர்லாந்துக் குடிமக்கள் பெறலாம், கோவை விமான நிலையம் வழியாகவும் அதில் நுழையலாம். அதற்கு உங்கள் நிறுவனத் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் தேவை. வருகிறவர்களின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, வருகையின் நோக்கம், தேதிகள், ஆலையின் முழு முகவரி, உங்கள் தொலைபேசி, செலவு யாருடையது என்பது, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். அவர்களின் பெயரை நீங்கள் மின்னஞ்சலில் பார்த்தபடி எழுதாதீர்கள். நெதர்லாந்துக்காரர்கள் சுருக்கப் பெயரில் கையெழுத்திடுவார்கள், கடவுச்சீட்டில் மூன்று பெயர் இருக்கலாம்.

விருந்தினர் விடுதியில் தங்கினால் அயல்நாட்டவர் பதிவை 24 மணி நேரத்தில் விடுதியே செய்துவிடும். பாசத்தில் உங்கள் வீட்டிலேயே தங்க வைத்தால் அந்தக் கடமை உங்கள் தலையில் விழும். இன்னொரு எச்சரிக்கையும் கடிதத்தோடு போகட்டும். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். மலையேறும் பழக்கமுள்ள ஐரோப்பியர்கள் அவசரச் செய்தி அனுப்பும் சிறு கருவியைப் பையில் வைத்திருப்பதுண்டு, அதையும் அந்தக் கண்ணோடுதான் விமான நிலையத்தில் பார்ப்பார்கள். ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

தொடர்பாளர்

இங்கே பெரும்பாலான ஆலைகள் செய்யும் தவறு, முதலாளியே தொடர்பாளராக இருப்பது. அன்றைக்கென்று வங்கியிலிருந்து அழைப்பு வரும், லாரிக்காரர் வாசலில் நிற்பார், விருந்தினர் களத்தின் நடுவில் தனியாக நிற்பார். தொடர்பாளர் என்று ஒருவரை நியமித்தால், விருந்தினர் கோவையில் இறங்கியதிலிருந்து திரும்ப விமானம் ஏறும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அவருக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும், ஆனால் களம் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அழகாக ஆங்கிலம் பேசும் உறவுக்காரப் பையனைக் கல்லூரியிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினால், 'இந்தக் குவியல் எத்தனை முறை கழுவியது?' என்ற முதல் கேள்வியிலேயே அவன் மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்ப்பான். தரப்பிரிவில் வேலை செய்யும் ஒருவரே சரியான ஆள்.

அவருக்கு இரண்டு அதிகாரம் இருக்க வேண்டும்: எந்த இயந்திரத்தையும் உடனே நிறுத்தச் சொல்லலாம், எந்தக் குவியலிலிருந்தும் மாதிரி எடுக்க விருந்தினரை அனுமதிக்கலாம். விலை பேசும் அதிகாரம் வேண்டாம். அதை வெளிப்படையாகவே விருந்தினருக்கு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காரில் போகும்போது 'டன்னுக்கு எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று அவரிடம் கேட்பார்கள், அவரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். உடம்பு சரியில்லாமல் போனால் பதிலாள் யார் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடர்பாளர் விருந்தினரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: காலணி அளவு, உணவு ஒவ்வாமை, ஆஸ்துமா உண்டா என்பது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண். ஆஸ்துமா பற்றிய கேள்வியைச் சங்கடப்பட்டு விட்டுவிடாதீர்கள், நார்த்தூள் ஆலையில் அது முக்கியமான கேள்வி. நேர வித்தியாசமும் நினைவில் இருக்கட்டும். நெதர்லாந்து குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நம் காலை பத்து மணிக்கு அழைத்தால் பிப்ரவரியில் அவருக்கு அதிகாலை ஐந்தரை.

வழியும் நேரமும்

விமான நிலையத்திலிருந்தோ அவிநாசி சாலை விடுதியிலிருந்தோ ஆலைக்கு வர இரண்டு வழிகள். உக்கடம் வழியாக ஊருக்குள்ளே வருவது ஒன்று. நீலாம்பூரில் புறவழிச்சாலையைப் பிடித்து ஈச்சனாரி அருகே பொள்ளாச்சி சாலைக்கு வருவது இன்னொன்று. காலை நேரத்தில் இரண்டாவதுதான் நம்பகமானது. கடைசியில் ஒரு சிக்கல் உண்டு: கிணத்துக்கடவு மேம்பாலம். வெளியூர் ஓட்டுநர் பாலத்தில் ஏறிவிட்டால் ஊரைத் தாண்டிப் போய்த்தான் இறங்குவார்.

"ஏனுங்க, பாலத்து மேல போறதுங்களா, கீழ போறதுங்களா?" என்று ஓட்டுநர் கேட்கும்போது தொடர்பாளரின் தொலைபேசி எடுக்கப்பட வேண்டும். "கீழயே வாங்கண்ணா, சர்வீஸ் ரோட்டுலயே வந்து ஸ்டாண்டு தாண்டுனதும் கூப்புடுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. இந்த விவரத்தைத் தமிழில் அச்சடித்து ஒரு சீட்டாக ஓட்டுநரிடம் முந்தைய நாளே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

முதல் நாள் நிரல் இப்படி அமையலாம். 8.15க்கு விடுதியிலிருந்து கிளம்பி 9.30க்கு ஆலை. அரை மணி நேரம் அலுவலகத்தில் பாதுகாப்பு விளக்கம், கையெழுத்து, காலணி மாற்றல். 10 மணிக்குக் களம், ஏனென்றால் 12 மணிக்கு மேல் அங்கே நிழலே கிடையாது. 11 மணிக்குக் கழுவும் தொட்டி, அதைத் தொடர்ந்து சல்லடை, அச்சு. 12.45க்குச் சாப்பாடு. 2 மணிக்கு ஈசி மேசை. 3.30க்குக் கிடங்கும் கன்டெய்னர் ஏற்றமும். 5 மணிக்குக் கிளம்பல். இரண்டாம் நாள் காலை, உங்களுக்குத் தூள் தரும் மஞ்சி மில் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள், பிற்பகல் ஆவணங்களும் விலைப் பேச்சும்.

ஆழியாறு, டாப்சிலிப் என்று இந்த நிரலில் எதையும் திணிக்காதீர்கள். பொன்மலை வேலாயுதசுவாமி கோயில் ஊரிலேயே இருக்கிறது, அவராக ஆசைப்பட்டால் மாலையில் அரை மணி நேரம் போதும்.

கன்டெய்னர் ஏற்றுவது அன்றைக்கே நடக்கும்படி முகவரிடம் சொல்லி வைத்தால் மிகவும் பயன் உண்டு. நாற்பது அடி ஹை-கியூப் கன்டெய்னரில் சுமார் 24, 25 டன் ஏறும், அதாவது ஐந்து கிலோ கட்டி ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவோ அதை ஒட்டியோ. அடுக்கும் முறையைக் கண்ணால் பார்த்தவர் 'கட்டி உடைந்து வந்தது' என்ற புகாரை எழுதும் முன் இருமுறை யோசிப்பார். ஆனால் அன்று ஏறும் சரக்கு வேறொரு வாங்குபவருடையதாக இருந்தால், அவர் பெயர் அச்சிட்ட உறையும் அட்டையும் விருந்தினர் கண்ணில் படக் கூடாது. ஒருவரின் பெயரை இவரிடம் காட்டினால், இவர் பெயரையும் நாளை இன்னொருவரிடம் காட்டுவீர்கள் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

பாதுகாப்பு விதிகள்

விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பி, ஆலைக்கு வந்ததும் வாய்மொழியாகவும் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது விதி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நார்த்தூள் ஆலையில் உண்மையான ஆபத்து நான்கு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

முதலாவது டிராக்டர். களத்தில் தூளைக் கிளறும் ஓட்டுநர் நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்வருகிறவர், பின்னால் ஆள் நிற்பார் என்று எதிர்பார்க்காதவர். விருந்தினர் களத்தில் இறங்கும் முன் டிராக்டர் நிற்க வேண்டும், சாவி தொடர்பாளர் கையில் இருக்க வேண்டும். கிளறுவதைப் பார்க்க விரும்பினால் கரையில் நின்று பார்க்கட்டும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் இதே விதி.

இரண்டாவது அச்சு இயந்திரமும் சல்லடைப் பட்டையும். தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். தொங்கும் துணி எதுவும் கூடாது: கழுத்துப் பட்டை, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு, நீங்கள் வாசலில் போர்த்திய பொன்னாடை உட்பட. விருந்தினருக்குச் சொல்லும் விதி உங்கள் ஆட்களுக்கும் பொருந்த வேண்டும். வேட்டியோடு அச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளரைத் தரப் பரிசோதகர் முதல் ஐந்து நிமிடத்தில் குறித்துக்கொள்வார்.

மூன்றாவது தூசி. சல்லடைப் பகுதியில் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் விடக் கூடாது. துணி முகக்கவசம் இந்தத் தூசிக்குப் போதாது. ஆஸ்துமா இருப்பவரென்றால் சல்லடையை நிறுத்தி, தூசி அடங்கிய பிறகு கூட்டிப் போங்கள்.

நான்காவது தீ. உலர்ந்த தூளில் தீப்பிடித்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் மேலே மட்டும் நனையும். புகைபிடிக்க வாசலுக்கு வெளியே ஓரிடம் காட்டிவிடுங்கள், வெறுமனே 'கூடாது' என்று மட்டும் சொன்னால் கிடங்கின் பின்பக்கம் போய்ப் பிடிப்பார்கள்.

அதே தாளின் அடியில் தொடர்பாளர் எண், பதிலாள் எண், 108, கூடும் இடம் ஆகியவை. ஆலை வண்டி ஒன்று ஓட்டுநரோடு நாள் முழுக்கத் தயாராக நிற்கட்டும். புகைப்படம் எடுக்கலாமா என்பதும் அங்கேயே இருக்கட்டும். களத்தையும் இயந்திரத்தையும் எடுக்கலாம், தொழிலாளர் முகத்தை அவர்களைக் கேட்டுவிட்டு எடுக்கலாம், பக்கத்து ஆலையை எடுக்கக் கூடாது.

ஈசி மேசை

ஈசி என்பது தூளில் உள்ள உப்பை மின்கடத்தும் திறனால் அளப்பது. உப்பு அதிகமுள்ள தூளில் நாற்று கருகும். அதனால் குறைந்த ஈசி கட்டி என்றால் 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழ் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். சண்டை வருவது எங்கே என்றால், எந்த முறையில் அளந்து 0.5 என்பதில். ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் சேர்த்து அளப்பவர் உண்டு, ஐந்து பங்கு சேர்ப்பவர் உண்டு. அந்தப் பங்கைக் கன அளவில் எடுப்பவர் ஒருபுறம், எடையில் எடுப்பவர் இன்னொருபுறம். அதே தூள்தான், ஆனால் தண்ணீர் குறைவாகச் சேர்த்தால் எண் ஏறும். இங்கே 1:5 முறையில் 0.4 என்று சான்று எழுதி அனுப்பிய சரக்கு, அங்கே 1:1.5 முறையில் அளக்கப்பட்டால் தவறியதாகவே தெரியும். இரண்டு பேரும் நேர்மையாகவே அளந்திருப்பார்கள்.

ஆகவே பயணத்துக்கு முன்பே அவர்களின் ஆய்வகம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வருகை நாளில் அதே முறையில் அவர் கண்ணெதிரே அளந்து காட்டுங்கள். முதலில் மீட்டரை 1.413 மில்லிசீமென்ஸ் தரக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அளக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரில் கலந்தால் அதன் உப்பும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு அவர் கொண்டுவந்த மீட்டரிலும் அதே கரைசலை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதற்குமேல் விவாதம் வராது.

எந்தக் குவியலிலிருந்து தூள் எடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். மேலிருந்து ஒரு கை அள்ளினால் போதாது, குவியலின் நடுவிலும் அடியிலும் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். இதற்கென்றே தனியாகக் கழுவி அழகாகக் குவித்து வைத்த தூளை அனுபவமுள்ள பரிசோதகர் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார். மற்ற குவியல்களைச் சுற்றி டிராக்டர் தடம் இருக்கும், இதைச் சுற்றி இருக்காது.

அதோடு ஒரு கட்டியையும் நனைத்துக் காட்டலாம். ஐந்து கிலோ கட்டி ஒன்றைப் பெரிய தொட்டியில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சுமார் 70 லிட்டர் தூளாக விரியும். காலையிலேயே நனைத்து வைக்காமல் சாப்பாட்டுக்குப் போகும் முன் அவர் கையாலேயே தண்ணீர் ஊற்ற வைத்தால், திரும்பி வரும்போது விரிந்திருக்கும்.

இந்த மேசையில் அவர் கேட்கப்போகும் கடினமான கேள்வி கழுவும் தண்ணீரைப் பற்றியது. உங்கள் கிணற்றுத் தண்ணீரின் ஈசியே அதிகமென்றால் எத்தனை முறை கழுவினாலும் தூள் அதற்குக் கீழே இறங்காது, ஆகவே அந்த எண்ணையும் தயாராக வைத்திருங்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேட்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் இந்தத் தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியதே நிலத்தடி நீரைப் பற்றிய புகார்களால்தான் என்பதை அவர்கள் படித்துவிட்டு வருவார்கள். வாரியத்தின் அனுமதிச் சான்றை எடுத்து வையுங்கள், தண்ணீரைச் சேமிக்கும் தொட்டியை நடந்து போய்க் காட்டுங்கள். 'அது ஒன்றும் பிரச்சினை இல்லை' என்ற பதில் இங்கே ஆர்டரையே கெடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அறிக்கையில் கட்டாயம் வரும். களத்தில் நாய், ஆடு, மயில். கிணத்துக்கடவுப் பக்கம் மயிலை யாரும் தடுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் விலங்கின் எச்சத்தால் தூளில் கிருமி சேரும் என்பதால், வேலி எங்கே, காவல் யார், எச்சம் கண்டால் அந்தப் பகுதித் தூளை எப்படி ஒதுக்குகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிவேடு இருந்தால் அதுவே போதுமான பதில்.

அவர் கிளம்பிய பிறகு

எடுத்த மாதிரியை மூன்றாகப் பிரியுங்கள். மூன்று பையையும் ஒட்டி, குவியலின் எண்ணையும் தேதியையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று அவருடன் போகும், ஒன்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்குப் போகும், ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் புகார் வந்தால் அந்த மூன்றாவது பைதான் உங்கள் சாட்சி.

மறுநாளே தொடர்பாளர் ஒரு பக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும்: பார்த்தவை, அளந்த எண்களும் முறையும், அவர்கள் சொன்ன குறைகள், ஒவ்வொன்றையும் யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பது. பரிசு கொடுக்க நினைத்தால் சிறிதாக இருக்கட்டும், பல ஐரோப்பிய நிறுவனங்களில் ஊழியர்கள் விலையுயர்ந்த பரிசை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. ஆய்வக அறிக்கை வந்து, அதில் உள்ள ஈசி எண்ணும் அளவீட்டு முறையும் ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறும்வரை, எவ்வளவு நெருக்கமாகப் பழகியிருந்தாலும் விலையை முடிவு செய்துவிடாதீர்கள்.